முப்பது டிகிரி அதிகம்

திங்கட்கிழமை காலையில் மலிகா அனுப்பிய படத்தை அமுதவள்ளி மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக்கினால் மட்டும் என்ன, கோணல் நிமிர்ந்துவிடுமா? தொண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் மலிகா வைத்திருக்கும் கேக் கடையின் மேசை அது. மேசைமேல் வள்ளி சனிக்கிழமை கொடுத்துவிட்டு வந்த நான்கு கேக்குகள். க்ரீம் எதுவும் பூசாத, வெறும் வெனிலா கேக்குகள். நான்குக்கும் வலது பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. தூக்கிய பக்கம் கருப்பு, தாழ்ந்த பக்கம் வெளுப்பு. நடுவில் ஒரு வெடிப்பு, கோடையில் கண்மாய் வெடிப்பதுபோல.

படத்துக்குப் பின்னாலேயே போன் வந்தது.

"பாத்தியா வள்ளி?"

"பாத்தேங்க்கா."

"இது கேக்கா, ஓட்டு வீட்டுக் கூரையா? மழ பேஞ்சா தண்ணி வடிஞ்சுரும் போல. மேல சீவி எடுத்தா பாதி கேக்கு குப்பைக்குப் போகுது. சீவாம க்ரீம் பூசுனா, வச்ச பொம்ம சறுக்கிக்கிட்டுப் போயி ஓரத்துல விழுகுது. பொறந்தநாளுக்கு வாங்கிட்டுப் போனவக என்னைய என்ன கேட்டாக தெரியுமா?"

வள்ளி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஒரு மாசமா இப்பிடித்தான் இருக்கு. முன்னாடி நல்லாத்தான போட்ட. வார வெள்ளிக்கிழம நாலு கொண்டா. நாலும் ஒரே மட்டமா இருக்கணும். இல்லன்னா மதுரையில இருந்து ஒருத்தன் இறக்கித் தாரேங்கிறான், அவன்ட்டயே வாங்கிக்கிறேன். கோவிச்சுக்கிறாத. கட நடக்கணும்ல."

மலிகா கெட்டவள் இல்லை. திருவாடானைக்குப் பக்கத்தில் மிளகாயும் நெல்லும் போடும் ஒரு ஊரில், வீட்டுக்குள் ஒரு மின்சார ஓவனை வைத்துக்கொண்டு கேக் சுடுகிறேன் என்று கிளம்பிய பெண்ணை நம்பி, வாரத்துக்கு இருபது கேக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அந்த இருபதும் போய்விட்டால் வள்ளிக்கு மிஞ்சுவது ஊருக்குள் வருஷத்துக்கு நாலைந்து பிறந்தநாள்.

அமுதவள்ளிக்கு இருபத்தாறு வயது. குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். படித்தது இயற்பியல். ராமநாதபுரத்துக்கு மூன்று வருஷம் பஸ்ஸில் போய் வந்து வாங்கிய பட்டம். அதற்குப் பிறகு ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் பாடம் எடுத்தாள். அரசு வேலைக்கு இரண்டு தேர்வு எழுதினாள். இரண்டிலும் தேறாத பிறகு, சேர்த்து வைத்ததைக் கொண்டு நாற்பது லிட்டர் ஓவன் ஒன்று வாங்கினாள். மேலே இரண்டு சூட்டு ராடு, கீழே இரண்டு, வலது பக்கச் சுவரில் ஒரு சின்ன ஃபேன். "படிச்ச புள்ள ரொட்டி சுடுது" என்று ஊரில் சொன்னார்கள். அவளுடைய அய்யா ராக்கப்பன் கேக்கின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு, "இனிப்பாத்தான இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனார்.

வெப்பம் பரவும் மூன்று வழிகளைப் பற்றி அவள் தேர்வில் எழுதியிருக்கிறாள். படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, முழு மதிப்பெண். அந்த மூன்று வழியும் இப்போது அடுப்படியில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தன. எழுதியதைப் புரிந்துதான் எழுதினோமா, இல்லை மனப்பாடம்தானா? இந்தக் கேள்வி ஒரு மாதமாக அவளை விடவில்லை.

கெட்டது எப்போது என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. ஆயுத பூஜை. அன்றைக்கு அம்மா பஞ்சம்மாள் மண்வெட்டி, அரிவாள், அய்யாவின் டிவிஎஸ், மிக்ஸி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். ஓவனுக்கும் வைத்தாள். கண்ணாடிக் கதவில் வைத்தால் போதாதா? சூட்டைத் திருகும் குமிழ்மேல் கெட்டியாக ஒரு அப்பு, அதன் நடுவில் குங்குமம். "இதுதான அதுக்கு மூஞ்சி" என்றாள். காய்ந்த சந்தனத்தை மறுநாள் வள்ளி கம்பி நாரால் தேய்த்தபோது குமிழில் இருந்த வெள்ளைக் கோடும் சேர்ந்து போயிற்று. அவள் நகப்பாலிஷால் சிவப்பாக ஒரு கோடு போட்டுக்கொண்டாள். அந்த வாரத்திலிருந்துதான் கேக் வெடித்தது, ஓரம் கருகியது. சந்தனத்தின் ஈரம் உள்ளே இறங்கி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கெடுத்துவிட்டது என்று அவள் முடிவு கட்டினாள். அம்மாவிடம் சொன்னாள். அய்யாவிடம் சொன்னாள். கேக் வாங்க வந்தவர்களிடமும் சொன்னாள். பஞ்சம்மாள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வெடித்ததைச் சரிசெய்யப் போய்தான் கோணலும் வந்து சேர்ந்தது. ஃபேன் போட்டால் சூடு எல்லாப் பக்கமும் சமமாகப் போகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். போட்டாள். வலது பக்கம் தூக்கியது. பாதி வேளையில் கதவைத் திறந்து டின்னைத் திருப்பி வைத்தாள். நடு அமுங்கிப் பள்ளமாயிற்று. கம்பித் தட்டை மேலே ஏற்றினாள். மேல்பக்கம் அப்பளமாகக் கருகி, உள்ளே மாவு மாவாகவே இருந்தது. ஒவ்வொரு தடவையும் முட்டை, வெண்ணெய், ஒரு மணி நேரம். ஒவ்வொரு தடவையும் கோழிக்குத்தான் விருந்து.

செவ்வாய்க்கிழமை திருவாடானையிலிருந்து தவசி வந்தார். மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் எல்லாம் பார்ப்பவர். ஓவனின் பின்பக்க மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, நாக்கை ஒருமுறை சொடுக்கினார்.

"தெர்மோஸ்டாட் போச்சும்மா."

"எதவச்சுண்ணே சொல்றீக?"

"கருகுதுன்னு நீதான சொன்ன. கருகுனா தெர்மோஸ்டாட். வேகலன்னா ராடு. ரெண்டுதான் இதுல."

"மாத்திருவீகளா?"

"மதுரையில சொல்லி விடணும். பத்து நாளு ஆகும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்ணே."

"வெள்ளிக்கிழம நான் வேணா வருவேன், பார்ட்டு வராது."

அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சந்தனம் உள்ள போயிருக்கான்னு பாத்தீகளா?" என்றாள் தவசியிடம்.

"சந்தனமா?"

"ஒண்ணுமில்ல. கோர்ட்டுல எம்மேல ஒரு கேசு நடக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பத்து நாள் என்றதும் வள்ளிக்கு அழுகை முட்டியது. அழாமல் மலிகாவுக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமையைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டாள். மலிகா தள்ளி வைக்கவில்லை. வேறொன்று சொன்னாள்.

"தெர்மோஸ்டாட் போச்சுன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்? உள்ள எவ்வளவு சூடு இருக்குன்னு பாத்தாரா?"

"இல்லக்கா."

"எங்கிட்ட ஓவனுக்குள்ள வைக்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு கெடக்கு. மவ யும்னா வாங்குனது. வந்து எடுத்துட்டுப் போ. டயல்ல எழுதியிருக்கிறது ஓவன் சொல்ற கத. தெர்மாமீட்டர் சொல்றதுதான் நெசம்."

அன்று மத்தியானமே தொண்டிக்குப் போய் வாங்கி வந்தாள். உள்ளங்கை அகலம், வட்ட முகம், ஒரு முள், தொங்கவிட ஒரு கொக்கி. இதுகூடவா தனக்குத் தோன்றவில்லை? மூன்று வருஷம் ஆய்வுக்கூடத்தில் அளந்து அளந்து எழுதிய கை, ஒரு மாதமாக அளக்காமலே ஓவனைத் திட்டியிருக்கிறது.

புதன்கிழமை காலையில் கொக்கியை மேல் கம்பித் தட்டில் மாட்டி, சிவப்புக் கோட்டை நூற்றெண்பதில் வைத்து, பத்து நிமிஷம் கழித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். இருநூற்று நாற்பது. இறக்கி அடித் தகட்டில் வைத்தாள். அதுவும் ஏறிக்கொண்டே போனது. எதை நம்புவது? ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்து யோசித்தாள். மேலே மாட்டினால் முள்ளுக்கு நேராகச் செந்தணலாக ராடு எரிகிறது. அடியில் வைத்தாலும் அதே கதை. அது காட்டுவது ஓவனின் சூட்டையல்ல, பக்கத்து ராடு முகத்தில் அடிக்கும் சூட்டை. கேக் உட்காரும் இடத்தில் என்ன சூடு என்பதுதானே கேள்வி?

இந்த முறை நட்டநடுவில், டின் நிற்கும் உயரத்தில் தொங்கவிட்டாள். ஃபேனை நிறுத்தி, மேல் ராடு கீழ் ராடு இரண்டையும் போட்டாள். கதவைத் திறக்கவே கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டாள். அரை மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை பார்த்து, பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். இருநூற்றிருபத்திரண்டு. இருநூற்றைந்து. நூற்றுத் தொண்ணூற்றாறு. இருநூற்றுப் பதினெட்டு. ராடு சிவந்தால் முள் ஏறியது. ராடு கருத்தால் இறங்கியது.

அவளுக்கு முதலில் உறைத்தது இதுதான். ராடு அணைந்து அணைந்து எரிகிறது என்றால் தெர்மோஸ்டாட் சாகவில்லை. செத்திருந்தால் சூடு ஏறிக்கொண்டே அல்லவா போயிருக்கும்? அது ஒழுங்காக வேலை பார்க்கிறது. தப்பான இடத்தில் நின்று பார்க்கிறது, அவ்வளவுதான். எழுதியதை எல்லாம் கூட்டிச் சராசரி போட்டாள். இருநூற்றுப் பத்து. கேட்டது நூற்றெண்பது, கிடைப்பது முப்பது அதிகம். அதற்குமேல் ஃபேன் வேறு. ஓடும் காற்று சூட்டை வேகமாக ஏற்றும் என்பதால், ஃபேன் போட்டால் இருபது டிகிரி குறைத்து வைக்கச் சொல்வார்கள். அவள் குறைக்கவே இல்லை. கேக் வெடிக்காமல் வேறு என்ன செய்யும்?

வியாழக்கிழமை கடையில் இரண்டு பாக்கெட் பிரெட் வாங்கி வந்தாள். கம்பித் தட்டு முழுவதும் துண்டுகளை வரிசையாக அடுக்கி, ஃபேனோடு ஒரு தடவை, ஃபேன் இல்லாமல் ஒரு தடவை வாட்டினாள். இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பியபோது பார்க்கவே எரிச்சலாக இருந்தது. விஷயம் அவ்வளவு தெளிவு. ஃபேன் போட்டதில் வலது பக்கத் துண்டுகள் கருத்து, இடது பக்கத் துண்டுகள் வெளுத்திருந்தன. இவ்வளவு சின்னப் பெட்டியில், பக்கச் சுவர் ஃபேன் தனக்கு எதிரே இருக்கிற டின்னின் ஒரு கன்னத்தில்தான் சூட்டை ஊதுகிறது. அந்தக் கன்னம் முதலில் வெந்து தூக்கிக்கொள்கிறது. ஃபேன் இல்லாத வரிசை பின்பக்கம் மட்டும் ஒரு சாயல் கூடுதலாக, மற்றபடி ஒரே நிறம்.

"பிரெட்ட வேற கருக்குறியா?" என்று எட்டிப் பார்த்த அம்மா கேட்டாள். "அதுக்கு நான் பொட்டு வைக்கலயே."

"அம்மா, சும்மா இரு."

"சும்மாதான் இருக்கேன். ஒரு மாசமா சும்மாதான் இருக்கேன்."

தட்டின் உயரத்தையும் மாற்றினாள். பக்கச் சுவரில் தட்டைச் செருகும் நடுப் பள்ளத்தில் வைத்தால் டின்னின் தலை மேல் ராடுக்குக் கிட்டப் போய்விடுகிறது. நடுவில் நிற்க வேண்டியது தட்டு அல்ல, கேக். அதனால் ஒரு பள்ளம் கீழே இறக்கினாள்.

மிச்சம் இருந்தது அந்த முப்பது. சிவப்புக் கோட்டை நூற்றைம்பதில் வைத்து அரை மணி நேரம் காத்திருந்து அளந்தாள். சராசரி நூற்றெண்பது. சரி, இனி நூற்றைம்பதில் வைத்தே சுட்டுவிடலாம், வேலை முடிந்தது. ஆனால் மனசு ஒப்பவில்லை. கெட்டுப்போன சாமான் இவ்வளவு ஒழுங்காகக் கெடுமா? நூற்றிருபதில் வைத்துப் பார்த்தாள். நூற்றைம்பது, ஒன்றிரண்டு முன்னப்பின்ன. எங்கே வைத்தாலும் அதே முப்பது.

நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, பதினொன்றாம் வகுப்பில் வெர்னியர் அளவுகோலைக் கையில் கொடுத்தவுடன் முதலில் எழுதச் சொல்லும் வார்த்தை நினைவுக்கு வந்தது. சுழிப்பிழை. தொடங்கும் இடமே தள்ளி இருந்தால் எல்லா அளவும் ஒரே அளவுக்குத் தள்ளி வரும். கருவியைக் குறை சொல்வதற்கு முன்னால் சுழியைப் பார்.

எழுந்து போய் குமிழை இடது பக்கம் திருகினாள். ஒரு மாதமாக அதை யாரும் அந்தக் கடைசிக்குத் திருகியதே இல்லை. நூற்றெண்பதிலேயே கிடக்கும், டைமரைத் திருகி ஓட்டுவாள். சிவப்புக் கோடு டயலின் முதல் எண்ணான நூற்றுக்கு வந்தது. நிற்கவில்லை. நூற்றைத் தாண்டி, எண்ணே இல்லாத வெற்றிடத்துக்குப் போய், அங்கேதான் டக்கென்று நின்றது. குமிழின் இடுக்கிலிருந்து மஞ்சளாகக் கொஞ்சம் பொடி உதிர்ந்தது.

சந்தனம்.

அன்றைக்குக் குமிழுக்குப் பின்னால் காய்ந்து இறுகிய சந்தனம், அதைக் கடைசிவரை திரும்ப விடவில்லை. அது முட்டி நின்ற இடத்தைத்தான் தொடக்கம் என்று நினைத்து, இன்னொரு முறை அழுத்திப் பார்க்காமல், அங்கேயே நூற்றுக்கு நேராக அவள் நகப்பாலிஷைத் தீட்டியிருக்கிறாள். பிறகு சூட்டில் சந்தனம் பொடிந்து குமிழ் விடுபட்டுவிட்டது. கோடு மட்டும் பொய்யாக நின்றுவிட்டது.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. தெர்மோஸ்டாட் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஒரு மாதக் கேக்கு, ஒரு மாதப் பேச்சு, ஊரெல்லாம் அம்மாவைச் சொல்லித் திரிந்தது, எல்லாம் தன் விரலில் இருந்த தூரிகையின் வேலை. படிப்பு கை கொடுத்தது என்று சொல்லிக்கொள்ளலாமா? கை கொடுக்க வேண்டிய அன்றைக்கு அது எங்கே போயிருந்தது?

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். திருகிக் காட்டினாள். பொடியையும் காட்டினாள். பஞ்சம்மாள் பொடியை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தாள்.

"அப்ப பாதி என் சந்தனம். பாதி உன் பாலிசு."

"பாலிசுதாம்மா கூட. சந்தனம் நின்னுச்சு, அவ்வளவுதான். கோடு போட்டது நான்தான்."

"எம்மேலதான்னு ஊரெல்லாம் சொன்னேல்ல?"

"சொன்னேன்."

"அப்ப இதையும் போயி ஊரெல்லாம் சொல்லிட்டு வா" என்றாள் பஞ்சம்மாள். சிரிக்கவில்லை. ஆனால் முட்டை உடைக்கும் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனாள்.

வள்ளி பழைய கோட்டை அசிட்டோன் தொட்டு அழித்தாள். குமிழைக் கழற்றி இடுக்கைத் துடைத்து மாட்டி, கடைசிவரை திருகி, இரண்டு முறை அழுத்திப் பார்த்து, அது நிற்கும் இடத்தில் நூற்றுக்கு நேராகப் புதுக் கோடு தீட்டினாள். நூற்றெண்பதில் வைத்து மறுபடி அளந்தாள். நூற்றெழுபத்தெட்டு.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கே ஆரம்பித்து, ஒன்றன்பின் ஒன்றாக நான்கு கேக். ஃபேன் இல்லை. தட்டு கீழ்ப் பள்ளத்தில். கேக் மேலெழும்பி நிறம் பிடிக்கும்வரை கதவைத் தொடவில்லை. நான்கு கேக்கும் சூடு ஆறும்வரை சுற்றிச் சுற்றி வந்தாள். பன்னிரண்டு மணி பஸ்ஸில் மடிமேல் இரண்டு பெட்டி, பக்கத்து இருக்கையில் இரண்டு பெட்டி. பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மலிகா பெட்டியைத் திறந்தாள். குனிந்து மேசை மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஸ்டீல் ஸ்கேலை எடுத்து ஒரு கேக்கின்மேல் குறுக்காக வைத்தாள், திருப்பி வைத்தாள். ஒன்றை நடுவில் அறுத்தாள். மேலிருந்து அடிவரை ஒரே மஞ்சள்.

"மாஷா அல்லா" என்றாள். "பார்ட்டு வந்துருச்சா? பத்து நாளுன்ன?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். பார்ட்டு மாற்றியாகிவிட்டது, இனிமேல் வராது. ஒரே வார்த்தை. மலிகாவுக்கும் நிம்மதி.

"பார்ட்டு கெடவே இல்லக்கா. டயல்ல நான் போட்ட கோடு தப்பு. நகப்பாலிஷ்ல போட்டேன். ஃபேனையும் போடக் கூடாது, அதையும் போட்டேன்."

மலிகா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நகப்பாலிஷா."

"ஆமாக்கா."

"ஒரு மாசம் நான் வார்றவுகட்ட எல்லாம் மன்னிப்புக் கேட்டது ஒன் நகப்பாலிஷுக்கா? நீ என்ன படிச்சதா சொன்ன?"

"பிசிக்ஸ்."

"நல்லா இருக்கு." ஸ்கேலைத் துணியில் துடைத்தாள். "நேத்தே மதுரைக்காரன்ட்ட ஒரு மாசத்துக்குப் பேசிட்டேன் வள்ளி. நீ கொண்டாருவன்னு நம்பல. உண்மையச் சொல்றேன்."

சரியாகக் கொண்டுவந்தும் தாமதம். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

"முழுசாப் பேசிட்டீகளா?"

"இருபதுக்குப் பேசுனேன். இப்ப அவன்ட்டப் பன்னெண்டுன்னு சொல்றேன். எட்டு நீ போடு. மாசம் முடியட்டும், பாப்போம்."

"எட்டுன்னா கரண்டுக்கும் முட்டைக்குமே சரியாப் போயிரும்க்கா."

"தெரியும். வேணாங்கிறியா?"

கடைக்கு வெளியே ராமநாதபுரம் பஸ்காரன் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வள்ளி காலிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினாள்.

"எட்டே போடுறேன்" என்றாள். "ஆனா மதுரைக்கேக்கு வந்ததும், அதுமேலயும் இந்த ஸ்கேல வச்சுப் பாருங்க. எனக்குப் பாத்த மாதிரியே."

மலிகா ஸ்கேலை எடுத்துத் தனியே வைத்தாள். "வாய் மட்டும் ஒரு பக்கமும் கோணாம வேகுது ஒனக்கு" என்றாள். "திங்கக்கெழம எட்டும் வந்துரணும். பத்து மணிக்குள்ள."